ஒரு கட்டத்தில் எத்தனை சென்ட்?

'ஜி.ஐ.எஸ்.' என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் ஏதோ ராக்கெட் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கிற இரண்டு விஷயங்களை ஒன்றாகத் தைத்தால் அதுதான் ஜி.ஐ.எஸ். ஒன்று கிராம வரைபடம். எந்த நிலம் எங்கே இருக்கிறது என்பது அதில் இருக்கும். இன்னொன்று அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்பது அதில் இருக்கும். வரைபடம் படம், அடங்கல் பட்டியல். இரண்டையும் இணைக்கிற நூல் சர்வே நம்பர். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் மேல் ஒரு வயலைத் தொட்டால் பட்டியலில் அதன் வரி வந்து நிற்கும்; பட்டியலில் 'கரும்பு' என்று தேடினால் படத்தில் கரும்பு வயல்களெல்லாம் நிறம் மாறும். 'புவியியல் தகவல் அமைப்பு' என்று தமிழில் நீட்டிச் சொன்னாலும் விஷயம் இவ்வளவுதான்.

இதற்கு மேல் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அது செயற்கைக்கோள் படம். அதைச் சேர்த்தால்தான் கதையே ஆரம்பமாகிறது.

எங்கள் ஊர் பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில். தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். ஒரு பக்கம் நகரி மலை, ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, நடுவில் கரும்பு, வேர்க்கடலை, நெல், மாந்தோப்பு. 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் சில வீடுகளில் தாத்தா காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருக்கும், பேரன் பட்டா தமிழில் இருக்கும். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலக் கணக்கு, இந்தப் பக்கம் வேறு. வானத்திலிருந்து பார்க்கிற காமிராவுக்கு மட்டும் அந்தக் கல் தெரியாது.

எங்கள் சித்தப்பாவுக்கு 62 சென்ட் புஞ்சை. ஆடியில் வேர்க்கடலை விதைத்தார். பிடுங்குகிற நேரத்தில் பிடித்த மழையில் செடியோடு முளைத்து, பாதிக்கு மேல் போயிற்று. நிவாரணம் கேட்டு மனு கொடுக்கப் போனபோது, பதிவேட்டில் அந்த நிலம் 'தரிசு' என்று இருந்தது. "பதிவுல பயிரே இல்லியேப்பா, எதுக்கு நிவாரணம்?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் அன்று முழுக்கப் பேசவில்லை. சித்திதான் என்னைப் பார்த்து, "சர்வே சர்வேன்னு காலேஜுல என்னமோ படிக்கிறியே, அந்த மழைக்கு முன்னாடி நம்ம நிலம் எப்படி இருந்துச்சுன்னு காட்ட முடியாதா?" என்றார். சிவில் டிப்ளமோ கடைசி வருஷத்து ப்ராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கடந்து போன நாளைக் காட்ட முடியுமா? முடியும். ஐரோப்பாவின் 'சென்டினல்-2' செயற்கைக்கோள்கள் 2015 முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. 2017-ல் இரண்டாவது செயற்கைக்கோளும் சேர்ந்த பிறகு, ஒரே இடத்தின் மேல் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு படம். எல்லாம் சேமித்து வைக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்துகொண்டு ஊரையும் தேதியையும் கொடுத்தால் போதும். நாம் கேட்காதபோதும் நம் வயலைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது முதலில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது!

ஆனால் அந்தப் படத்தில் ஆள் தெரியாது, மாடு தெரியாது. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. செயற்கைக்கோள் படம் கோலப்புள்ளி போல் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்துக்கு 'பிக்ஸல்' என்று பெயர். அந்தக் கட்டத்துக்குள் என்ன இருந்தாலும் எல்லாம் கலந்து ஒரே எண்ணாகத்தான் பதிவாகும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு கட்டம் எத்தனை சென்ட்?

1988-ல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் முதல் காமிராவில் கட்டத்தின் ஒரு பக்கம் 72.5 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 5256 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 30 சென்ட். சித்தப்பாவின் நிலம் போல் இரண்டு அதில் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். 1995-ல் போன ஐ.ஆர்.எஸ்.-1சி-யின் லிஸ்-3 காமிராவில் 23.5 மீட்டர், அதாவது பதிமூன்றரை சென்ட். மாவட்டம், தாலுகா என்று பெரிய பரப்புக்கு அது அருமையாகப் போதும். சென்டினல்-2-ல் 10 மீட்டர். பத்துக்குப் பத்து நூறு சதுர மீட்டர், அதாவது ஒரு ஏர். நம் கணக்கில் இரண்டரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. பட்டாவில் 'ஹெக்டேர் - ஏர்' என்று போட்டிருப்பார்களே, அந்த ஏர்தான் ஒரு கட்டம். சித்தப்பாவின் பட்டாவில் 0.25.0 என்று இருந்தது. ஆக 25 கட்டம்.

ஆனால் 25-ம் நமக்கு உதவாது. நிலம் ஏறக்குறைய 50 மீட்டருக்கு 50 மீட்டர். வரப்பு ஓரத்துக் கட்டங்களில் பாதி நம் கடலை, பாதி பக்கத்து வயல் கரும்பு. அவற்றை நம்பினால் கடலையும் கரும்பும் கலந்த ஒரு புதுப் பயிர் கிடைக்கும்! சுற்றிலும் ஒரு வரிசையைத் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். 20 சென்ட் நிலமாக இருந்திருந்தால் இந்த வேலையை ஆரம்பித்தே இருக்க முடியாது.

அந்த ஒன்பது கட்டம் சித்தப்பா நிலத்தில்தான் விழுகிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் கிராம வரைபடம் வருகிறது. பழைய கிராம வரைபடம் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர், தரையில் கிட்டத்தட்ட 4 மீட்டர். அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது வெறும் படம்தான். பூமியில் எங்கே உட்கார வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வரைபடத்திலும் தரையிலும் சந்தேகமில்லாமல் தெரிகிற இடங்களைப் பிடித்து, 'இந்தப் புள்ளி இந்த அட்சரேகை, தீர்க்கரேகை' என்று ஆணி அடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று கிராம எல்லை சேரும் இடத்துக் கல், ஏரி மதகு, பழைய கோயில் மதில் மூலை, பாலத்தின் முனை என்று எட்டு இடம் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வெயிலில் நின்றேன். "என்னடா, டவர் வைக்கப் போறாங்களா?" என்று கேட்காதவர் இல்லை.

ஆணி அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லா ஆணியையும் ரோட்டோரமாகவே அடித்தால் ரோடு சரியாக உட்காரும், ஊரின் மறுகோடி காற்றில் ஆடும். நாலு மூலையிலும் நடுவிலும் பரவலாக இருக்க வேண்டும். காகிதம் மடிப்பில் சுருங்கியிருக்கும், ஈரத்தில் நீண்டிருக்கும். எந்த ஆணி எவ்வளவு பொருந்தவில்லை என்பதை மென்பொருளே மீட்டரில் சொல்லும். அந்த எண்ணிக்கை ஒரு கட்டத்தின் பாதியான 5 மீட்டருக்குள் வந்தால் நமக்குப் போதும். ஆனாலும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. வரைபடத்தின் ஏரிக்கரைக் கோடு செயற்கைக்கோள் படத்தின் ஏரிக்கரை மேல் படிகிறதா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும்.

நான் பயன்படுத்தியது க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருள். எந்த அளவுமுறையில் வரைய வேண்டும் என்று கேட்கும்போது நம் பகுதிக்கு EPSG:32644 என்று கொடுத்தால் எல்லாம் மீட்டர் கணக்கில் வரும். பிறகு ஒவ்வொரு வயலின் ஓரத்தையும் சுட்டெலியால் தொட்டுத் தொட்டு மூடிய உருவமாக வரைந்து, பக்கத்தில் சர்வே நம்பரை எழுதினேன். பரப்பை மென்பொருளே சொல்லிவிடும். சித்தப்பா நிலத்துக்கு 0.257 ஹெக்டேர் வந்தது. பட்டாவில் 0.250. நூற்றுக்கு மூன்றுக்குள் வித்தியாசம். பென்சில் கோட்டின் தடிமனே இரண்டு மீட்டர் இருக்கும்போது இது நல்ல பொருத்தம். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், உட்பிரிவு பிரிந்தது வரைபடத்தில் ஏறவில்லை என்றோ, பக்கத்து வயலைச் சேர்த்து வரைந்துவிட்டோம் என்றோ புரிந்துகொள்ள வேண்டும்.

இனி பயிர். பச்சை என்றால் பயிர் என்று நினைத்திருந்தேன். செயற்கைக்கோள் பச்சையைப் பெரிதாக மதிப்பதில்லை. இலை தன் உணவைத் தயாரிக்கச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மட்டும் வேண்டாம் என்று திருப்பி அடிக்கிறது. மண் அப்படிச் செய்வதில்லை; இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி திருப்பும். இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாக்குவதுதான் என்.டி.வி.ஐ. என்கிற பசுமைக் குறியீடு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உழுத செம்மண் சிவப்பில் 18 சதவீதமும் அகச்சிவப்பில் 26 சதவீதமும் திருப்புகிறது என்று வையுங்கள்: 8-ஐ 44-ஆல் வகுத்தால் 0.18. செழித்த பயிர் 4-ம் 44-ம் திருப்பினால், 40-ஐ 48-ஆல் வகுத்து 0.83. ஆக, ஒன்றை நெருங்க நெருங்கப் பசுமை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, சொல்லாமல் போனால் பாவம். 2022 ஜனவரி 25 முதல் இந்தப் படங்களின் ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூட்டி வைத்து அனுப்புகிறார்கள். 4 சதவீதம் 400 என்று இருக்க வேண்டியது 1400 என்று வரும். 44 சதவீதம் 5400 என்று வரும். அப்படியே வகுத்தால் 0.83-க்குப் பதில் 0.59. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஊரே வாடிப்போன மாதிரி இருக்கும்! மேலே கழிக்கும்போது இரண்டு ஆயிரமும் அடிபட்டுப்போகும். கீழே மட்டும் 2000 கழிக்க வேண்டும்:

```
("B08@1" - "B04@1") / ("B08@1" + "B04@1" - 2000)
```

எட்டாவது அலைவரிசை அகச்சிவப்பு, நான்காவது சிவப்பு. சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சுலப வழி: அடர்ந்த மாந்தோப்பைத் தொட்டுப் பாருங்கள். பழைய படத்திலும் புதுப் படத்திலும் அதே மாதத்தில் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும்.

ஒரே ஒரு நாள் படத்தை வைத்துப் பயிரைச் சொல்வது, ஒரு மனுஷனை முதுகுப்பக்கம் பார்த்துப் பெயர் சொல்வது மாதிரி. செப்டம்பரில் கடலையும் பச்சை, கரும்பும் பச்சை, மாவும் பச்சை. வருஷம் முழுக்க அந்த எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நெல் என்றால் நடவுக்கு முன் தண்ணீர் கட்டியிருக்கும், எண் அடிமட்டத்துக்கு இறங்கும். பிறகு இரண்டு மாதத்தில் உச்சிக்கு ஏறி, கதிர் முற்ற முற்ற இறங்கும். வேர்க்கடலைக்கு அந்தத் தண்ணீர்ப் பள்ளம் கிடையாது. உழவு மண்ணிலிருந்து நேரே ஏறி, நூறு நூற்றைந்து நாளில் பிடுங்கியதும் சட்டென்று விழும். கரும்பு பத்து, பன்னிரண்டு மாதம் நிற்கும். அதில் ஒரு வேடிக்கை, எல்லாக் கரும்பும் ஒரே நாளில் விழாது. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு வெட்டு உத்தரவு வந்த வரிசைப்படிதான் வயல் வயலாக விழும். விழுந்த சில வாரத்தில் உழவே இல்லாமல் எண் மறுபடி ஏறினால் அது மறுதாம்புக் கரும்பு. மாந்தோப்பு வருஷம் பூராவும் மேலேயே நிற்கும்.

மேலேயே நிற்பதெல்லாம் மா அல்ல. எங்கள் ஏரிக்குள் இருக்கிற சீமைக்கருவேலமும் அப்படியே நிற்கிறது. முதல் படத்தில் ஏரி முழுக்க மாந்தோப்பாகவே வந்தது. பார்த்துவிட்டு அப்பா சிரித்தார். "மகசூல் யாருக்குடா?" என்றார். ஏரிப் புறம்போக்கின் எல்லையை வரைபடத்திலிருந்து மேலே போர்த்தினால்தான் அது தீர்கிறது. செயற்கைக்கோள் சொல்வது தரையை எது மூடியிருக்கிறது என்பதை. அந்த நிலம் எதற்காக என்பதைக் கிராமக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

சரி, சித்தப்பா நிலத்துக்கு வருவோம். நடு ஒன்பது கட்டத்தின் சராசரியை எடுத்தேன். ஜூலை நடுவில் 0.17. ஆகஸ்ட் தொடக்கத்தில் 0.34. செப்டம்பர் தொடக்கத்தில் 0.71. அக்டோபர் தொடக்கத்தில் 0.66. பிறகு ஏழு வாரத்துக்கு நல்ல படம் இல்லை, எல்லாம் மேகம். வடகிழக்குப் பருவமழையில் இது வருஷா வருஷம் வருகிற தொல்லை. மேகத்தின் மேல் எடுத்த எண் குறைவாகத்தான் இருக்கும். அதைப் பயிர் அழிந்ததாகப் படித்துவிடக் கூடாது. பக்கத்து வயல், ரோடு எல்லாவற்றிலும் ஒரே நாளில் எண் விழுந்திருந்தால் அது மேகம். நவம்பர் கடைசியில் வானம் திறந்தபோது 0.22.

"தரிசுலயும் மழை பேஞ்சா புல்லு முளைக்குமே, அதுவும் பச்சைதானே?" இதை முதலில் கேட்டவர் எங்கள் ஆசிரியர். நியாயமான கேள்வி. அதனால் ஊருக்கே தெரிந்த தரிசு ஒன்றை எடுத்தேன். அதன் எண் ஜூலையில் 0.24, செப்டம்பரில் 0.41, நவம்பரில் 0.46. உழவு இல்லாததால் ஆரம்பப் பள்ளம் இல்லை. மழையோடு மெல்ல ஏறுகிறது, யாரும் பிடுங்காததால் விழவே இல்லை. மழை கொட்டித் தீர்த்த நவம்பரில், தரிசெல்லாம் பச்சையாக நிற்கும்போது, சித்தப்பா நிலம் மட்டும் மண்ணாகக் கிடக்கிறது. அது தரிசாக இல்லை என்பதற்கு அந்த 0.71-ஐ விட இந்த 0.22-தான் எனக்குப் பெரிய சாட்சி.

ஆனால் அது கடலைதானா? கம்பு என்றாலும் ஏறக்குறைய இப்படித்தான் ஏறி இறங்கும். இதைக் கோடு மட்டும் சொல்லாது. அந்த ஆடியில் கடலை போட்டதாக மற்றவர்கள் பதிவேட்டில் ஏறியிருந்த ஆறு வயல்களையும், கம்பு என்று இருந்த நான்கையும் நேரில் போய் உரியவர்களிடம் விசாரித்து, அவற்றின் கோடுகளைப் பக்கத்தில் வைத்தேன். சித்தப்பாவின் கோடு கடலைகளோடு ஒட்டிப் போனது. கம்பில் இரண்டு, செப்டம்பர் நடுவிலேயே இறங்க ஆரம்பித்துவிட்டன. மற்ற இரண்டைக் கடலையிலிருந்து பிரிக்க என்னால் முடியவில்லை. ஆகவே நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில் 'சுமார் நூறு நாள் பயிர் இருந்தது நிச்சயம். வேர்க்கடலையாக இருக்க மிகவும் வாய்ப்பு' என்றுதான் எழுதினேன். "நிச்சயம் கடலைன்னே போட்றா" என்றார் சித்தப்பா. போடவில்லை. இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேகத்துக்கு மருந்து ரேடார். சென்டினல்-1 என்ற செயற்கைக்கோள் வெளிச்சத்தை நம்பாமல் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. மேகம் அதற்குத் தடையில்லை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களை வைத்துத்தான் தமிழ்நாட்டின் நெல் பரப்பைக் கணக்கிட்டிருக்கிறது. தண்ணீர் கட்டிய வயல் அலையைக் கண்ணாடி போல் வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும்; நெல்லுக்கு அது அச்சுப் போட்ட அடையாளம். தண்ணீர் நிற்காத கடலைக்கு அவ்வளவு தெளிவு கிடையாது. என் ஏழு வார இடைவெளியை ரேடார் நிரப்பவில்லை.

காகிதத்தையும் கோட்டுப் படத்தையும் சித்தப்பா மனுவோடு கொண்டு போனார். அதிகாரி நெடுநேரம் பார்த்தாராம். "இதையே ஆதாரமா வச்சு நான் எழுத முடியாதுப்பா. ஆனா பக்கத்து நிலத்துக்காரங்க நாலு பேரை வரச் சொல்லு, விசாரிக்கிறேன்" என்றாராம். விசாரித்தார்கள். பதிவேட்டில் பயிர் ஏறியது. நிவாரணத்துக்குரிய தேதி அதற்குள் முடிந்திருந்தது. அடுத்த பசலி, ஜூலையிலேயே வயலுக்கு ஆள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

முடித்த வரைபடத்தை வண்ணத்தில் அச்செடுத்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். கரும்பு அடர் பச்சை, கடலை மஞ்சள், நெல் நீலம், மா பழுப்பு. சித்தி ரொம்ப நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "கிணத்து மேட்டுல என் மல்லித் தோட்டம் எங்கே?" என்று கேட்டார். அது நாலு சென்ட். கட்டம் இரண்டு கூட முழுசாக விழாது. கரும்பின் பச்சைக்குள் கரைந்துவிட்டிருந்தது. வாரம் தவறாமல் வீட்டுக்குக் காசு கொண்டுவருவது அந்த நாலு சென்ட்தான். ஜி.பி.எஸ்.-ஐ எடுத்துக்கொண்டு போய் நாலு மூலையையும் நடந்து அளந்து, கையாலேயே வரைந்து சேர்த்தேன். அதற்கு வெள்ளை நிறம் கொடுக்கச் சொன்னார்.